நூறு எங்கேயிருந்து வந்தது?

(பொருளியல் ஆசிரியர் மன்றக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் ஐயா அவர்களே, எனக்கு முன்னால் அழகாகப் பேசி என் நேரத்தில் பாதியை எடுத்துக்கொண்ட துறைத்தலைவர் அம்மா அவர்களே, பொன்னாடையை மேடையில் போர்த்தாமல் கையில் கொடுத்து என்னைக் காப்பாற்றிய செயலாளர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் என் பழைய ஆசிரியர்களே, பின்வரிசையில் கதவோரம் பார்த்து உட்கார்ந்திருக்கும் மாணவர்களே, அனைவருக்கும் வணக்கம். வரவேற்புரையில் என்னை அறிஞர் என்றார்கள். வீட்டில் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

முறிவுத் தேவைக் கோடு பற்றிப் பேசச் சொன்னார்கள். சில பெரிய நிறுவனங்கள் மட்டும் இருக்கும் சந்தையில் விலை ஏன் அசையாமல் நிற்கிறது என்று காரணம் சொல்லும் படம் அது. மூன்று விஷயங்கள் சொல்லப் போகிறேன்: கோடு என்ன சொல்கிறது, அதன்மேல் வந்த குற்றச்சாட்டுகள், அப்புறம் ஆட்டக் கோட்பாட்டுக்காரர்கள் அதை எப்படிப் புதுப்பித்தார்கள்.

நம் பழமொழி ஒன்று இருக்கிறது: ‘ஊர் ஓடினால் ஒத்து ஓடு, ஒருவன் ஓடினால் கேட்டு ஓடு.’ இந்தக் கோட்பாட்டின் பாதி இதற்குள்ளேயே இருக்கிறது. சந்தையில் நாலைந்து பெரிய நிறுவனங்கள்தான். சில்லோர் முற்றுரிமை என்கிறோமே, அதுதான். அதில் ஒருவர் விலையை ஏற்றினால் மற்றவர்கள் அசையாமல் வேடிக்கை பார்ப்பார்கள். அவருடைய வாடிக்கையாளர் இவர்களிடம் வந்துவிடுவாரே. ஒருவர் விலையைக் குறைத்தால் மட்டும் யாரும் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை, எல்லோரும் கூடவே ஓடிவிடுவார்கள். எந்த விலைக்கு எவ்வளவு விற்கும் என்று காட்டும் தேவைக் கோடு நடப்பு விலையில் முறிவது இதனால்தான்.

ஒரு கணக்குப் போடுவோம். விலை 100, விற்பனை 100 அலகு, ஓர் அலகுக்கு ஆகும் செலவு 40. லாபம் 6,000. விலையை 104 ஆக்கினால் மற்றவர்கள் ஏற்றவில்லை, 10 அலகு போய்விடுகிறது. லாபம் 64 பெருக்கல் 90, அதாவது 5,760. விலையை 96 ஆக்கினால் எல்லோரும் குறைக்கிறார்கள், கூடுதலாக 5 அலகுதான் வருகிறது. 56 பெருக்கல் 105, அதாவது 5,880. இரண்டு பக்கமும் நஷ்டம். சரி, செலவு 55 ஆக ஏறட்டும். இருந்த இடத்தில் 4,500, ஏற்றினால் 4,410, குறைத்தால் 4,305. செலவு 15 ஏறியும் விலை நகரவில்லை. கரும்பலகையில் இறுதிநிலை வருவாய்க் கோடு, அதாவது கூடுதலாக விற்கும் ஓர் அலகு எவ்வளவு வருவாய் சேர்க்கிறது என்று காட்டும் கோடு, நடுவில் அறுந்து தொங்குகிறதே, அந்த இடைவெளி இதுதான். நம் கணக்கில் அது 64-க்கும் 16-க்கும் இடையில் இருக்கிறது. அதற்குள் செலவு எங்கே ஆடினாலும் விலை 100-லேயே நிற்கும். செலவு 65-ஐத் தொட்டால்தான் ஏற்றுவது லாபம்: இருந்தால் 3,500, ஏற்றினால் 3,510.

1939-இல் அமெரிக்காவில் பால் ஸ்வீசி இதை எழுதினார். அதே ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டில் ஹாலும் ஹிட்ச்சும் 38 தொழில்முனைவோரை நேரில் கேட்டுவிட்டு இதே மாதிரிப் படத்துக்கு வந்தார்கள். பொருளாதாரப் பெருமந்தத்தில் தேவை சரிந்தும் பல விலைகள் ஏன் சரியவில்லை என்ற கேள்விக்கு இது சட்டென்று பிடிபடும் பதிலாக இருந்தது. பாடநூல்கள் எல்லாம் ஓடிவந்து சேர்த்துக்கொண்டன. ஊர் ஓடினால் ஒத்து ஓடு!

இங்கே ஒரு கதை சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பல வருஷத்துக்கு முன்னால், மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த வகுப்பு. பாதி வகுப்பு தூக்கம். நான் இந்தப் படத்தைப் போடுகிறேன். மேல்கோடு வெள்ளைச் சாக்பீஸ், கீழ்க்கோடு மஞ்சள், முறியும் இடத்தில் ஒரு வட்டம், பக்கத்தில் 100. எனக்கே அழகாகத் தெரிந்தது. கடைசி பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். “ஐயா, அந்த நூறு எங்கேயிருந்து வந்தது?” என்றாள். “அது நடப்பு விலைம்மா” என்றேன். “நடப்பு விலையா அது எப்படி ஆச்சு?” நான் இருமினேன். நாற்பது வயதில் ஆசிரியருக்கு இருமல்தான் ஆயுதம். அவள் விடவில்லை. நேராக வந்தாள், டஸ்டரை எடுத்தாள், 100-ஐ அழித்துவிட்டு 90 என்று எழுதினாள். ஏற்றினால் பத்துப் போகும், குறைத்தால் ஐந்து வரும், அதே கணக்கு. இருந்த இடத்தில் 5,000, ஏற்றினால் 4,860, குறைத்தால் 4,830. “90-ம் சரியா வருதே ஐயா.” அப்புறம் 120 என்று எழுதினாள். 8,000, 7,560, 7,980. அதுவும் சரி. வகுப்பே விழித்துக்கொண்டது. “அப்படின்னா இது எந்த விலைக்கும் காரணம் சொல்லுமா ஐயா?” என்றாள். மணி அடித்தது. அந்த மணியை அடித்தவருக்கு இன்னும் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

அன்று அவள் சொன்னதுதான் இந்தக் கோட்பாட்டின் முதல் பெரிய ஓட்டை. விலை ஓரிடத்துக்கு வந்த பிறகு ஏன் அங்கேயே நிற்கிறது என்று இது சொல்லும். அங்கே எப்படி வந்தது என்று சொல்லாது. அது ஒருமுறை நகர்ந்துவிட்டால் புது இடத்தில் புது முறிவு எப்படி முளைத்தது என்பதற்கும் இதனிடம் பதில் இல்லை.

தேர்வில் அந்தப் பெண் இதையே ஒரு பக்கம் எழுதினாள். படத்துக்கு முழு மதிப்பெண் கிடைத்தது. மீதிப் பக்கத்தின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு, ஓரத்தில் ‘தேவையற்றது’. திருத்தியவர் யார் என்று எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். விடைக்குறிப்பில் இல்லாததற்கு மதிப்பெண் போட அவருக்கு அதிகாரம் இல்லை.

இரண்டாவது அடி 1947-இல் அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் ஸ்டிக்லர் கொடுத்தது. அவர் ஒருவன் ஓடினால் கேட்டு ஓடுகிற ஆள். ஏழு தொழில்களின் விலை வரலாற்றை எடுத்துப் பார்த்தார். ஒருவர் ஏற்றினால் மற்றவர் சும்மா இருக்கிறாரா என்று தேடினால், பல இடங்களில் அவர்களும் உடனே ஏற்றியிருக்கிறார்கள். சிகரெட் கதையைப் பாருங்கள். 1931 ஜூன், பெருமந்தத்தின் நடுவில் அமெரிக்கா, புகையிலை இலையின் விலை தரையைத் தொட்டிருக்கிறது. அந்த நேரத்தில் ரெய்னால்ட்ஸ் நிறுவனம் ஆயிரம் சிகரெட்டின் விலையை 6.40 டாலரிலிருந்து 6.85-க்கு ஏற்றியது. கோட்பாட்டின்படி மற்ற இரண்டு பெரிய நிறுவனங்களும் கைகட்டி நின்று அதன் வாடிக்கையாளரை அள்ளியிருக்க வேண்டும். அவையும் அதே விலைக்கு ஏற்றின. மேல்பக்க முறிவு எங்கே போயிற்று? பிறகு விலை இறங்கியதற்குக் காரணம், வெளியிலிருந்து வந்த பத்து சென்ட் மலிவு சிகரெட்டுகள் சந்தையில் 20 சதவீதத்துக்கு மேல் பிடித்ததுதான். 1933 தொடக்கத்தில் பெரியவர்கள் இரண்டு தவணையாக 5.50-க்கு இறக்கினார்கள்.

ஸ்டிக்லர் இன்னொன்றும் கேட்டார். முற்றுரிமையாளருக்குப் போட்டியாளரே இல்லை, ஆகவே முறிவும் இல்லை. அப்படியானால் அவர் விலை அடிக்கடி மாற வேண்டும். அலுமினியம், நிக்கல் இரண்டும் அப்போது தனி ஒருவர் கையில் இருந்தவை. அவற்றின் விலையோ மிகக் குறைவாகவே அசைந்திருந்தது. விலை ஒட்டிக்கொண்டு நிற்பதற்கு முறிவுதான் காரணம் என்ற வாதம் அங்கேயே ஆட்டம் கண்டது.

ஸ்வீசி பக்கமும் ஒரு நியாயம் உண்டு. எல்லோருக்கும் ஒரே சமயத்தில் செலவு ஏறினால் எல்லோரும் சேர்ந்து ஏற்றலாம், ஊரே ஓடுகிறதே. ஒருவருக்கு மட்டும் செலவு ஏறும்போதுதான் முறிவுக்கு வேலை. பாடநூல் படம் இந்த வித்தியாசத்தைக் காட்டுவதில்லை.

மூன்றாவது, ஆட்டக் கோட்பாடு. 1988-இல் மாஸ்கினும் டிரோலும்... தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். அதை விட்டுவிடுகிறேன்.

என் கோரிக்கை ஒன்றுதான். தேர்வுக்குழு உறுப்பினர்கள் மூன்று பேர் மேடையில் இருக்கிறார்கள், ஓடிப்போக முடியாது. பத்து மதிப்பெண் வினாவில் படத்துக்கு ஆறோடு நிறுத்துங்கள். மீதி நான்கை ‘முறியும் விலை எப்படி வந்தது, ஏற்றத்தைப் போட்டியாளர் பின்பற்றினால் என்ன ஆகும்’ என்று எழுதுகிறவருக்குக் கொடுங்கள். விடைக்குறிப்பில் இரண்டு வரி சேர்த்தால் போதும். அந்த இரண்டு வரியை எழுதியே கொண்டுவந்திருக்கிறேன். செயலாளர் அவர்களே, இந்தத் தாளைக் கொஞ்சம் அவர்களிடம் கொடுங்கள், பேனாவையும் சேர்த்து.