24 ஸ்லைடுகளிலிருந்து 40 நிமிடப் பாடக்குறிப்பு

[திரையில்: 24 ஸ்லைடுகளும் சிறு படங்களாக ஒரே பக்கத்தில்]

வணக்கம். திரையில் இருப்பது மின்சுற்றுகள் பற்றி ஓர் ஆசிரியர் ஏற்கெனவே தயாரித்து வைத்திருக்கும் பிபிடி. தொடர் இணைப்பு, பக்க இணைப்பு இரண்டும் இதில் இருக்கின்றன. பாடவேளை 40 நிமிடம், வகுப்பில் 40 மாணவர்கள். இதிலிருந்து, எந்த நிமிடத்தில் என்ன நடக்கும் என்று தெரியும் ஒரு பாடக்குறிப்பை இப்போது எழுதுவோம்.

40ஐ 24ஆல் வகுத்து, ஸ்லைடுக்கு ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல் என்று போட்டுவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். வேண்டாம். பிபிடியில் இருப்பது ஆசிரியர் பேசப்போகும் வரிசை. அந்த நேரத்தில் மாணவர்கள் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்பது எந்த ஸ்லைடிலும் இல்லை. நாம் எழுதப்போவது அதைத்தான்.

[திரையில்: வெற்றுத் தாள், மேலே ஒரே ஒரு கேள்வி]

வேலையைக் கடைசியிலிருந்து தொடங்குங்கள். மணி அடிக்கும் முன் மாணவர்கள் துண்டுச் சீட்டில் பதில் எழுதப்போகும் கேள்வி எது? நான் இதை எடுத்துக்கொள்கிறேன்: ஒரே மாதிரியான மூன்று பல்புகள் தொடராக இணைக்கப்பட்டுள்ளன, எது அதிகப் பிரகாசமாக எரியும், ஏன்?

இந்தக் கேள்விக்குக் காரணம் இருக்கிறது. முதல் பல்பு மின்னோட்டத்தில் கொஞ்சத்தைச் செலவழித்துவிடும், மிச்சம்தான் அடுத்த பல்புக்குப் போகும் என்று நிறைய மாணவர்கள் உறுதியாக நம்புகிறார்கள். தொடர் இணைப்பின் வரையறையை மனப்பாடமாகச் சொல்லும் மாணவரிடம்கூட இந்த எண்ணம் இருக்கும். இந்தப் பாடவேளை அதை அசைத்தால் போதும்.

[திரையில்: ஸ்லைடுகள் குழுக்களாகப் பிரிகின்றன]

சரி, இப்போது பிபிடிக்கு வருவோம். 3 முதல் 6 வரை குறியீடுகள். 7 முதல் 9 வரை தொடர் இணைப்பு, 10 முதல் 12 வரை பக்க இணைப்பு. 13 முதல் 17 வரை தொகுபயன் மின்தடைக்கான சூத்திரத்தை வருவிப்பது, அதற்குப் பிறகு 4 கணக்குகள். 22 ஒப்பீட்டு அட்டவணை. மிச்சம் தலைப்பு, நோக்கங்கள், பயன்கள், நன்றி.

ஒவ்வொரு ஸ்லைடையும் நம் கேள்வியோடு வைத்துப் பாருங்கள். வருவித்தலும் கணக்குகளும் இந்தக் கேள்விக்குத் தேவைப்படவில்லை. அந்த 9 ஸ்லைடுகளும் அடுத்த பாடவேளைக்குப் போகட்டும். அழிக்க வேண்டாம், பவர்பாயின்ட்டில் ஸ்லைடின் மேல் வலது கிளிக் செய்து Hide Slide கொடுத்தால் போதும், கூகுள் ஸ்லைட்ஸ் என்றால் Skip slide.

8ஆம் ஸ்லைடைக் கவனியுங்கள். "தொடர் இணைப்பில் எல்லாப் பல்புகளிலும் ஒரே மின்னோட்டம் பாயும்" என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. சரியான வாக்கியம்தான். ஆனால் செய்து பார்ப்பதற்கு முன்பே இதைக் காட்டிவிட்டால், மாணவர்கள் யோசிக்க எதுவும் மிஞ்சாது. பெரும்பாலான பிபிடிகளில் முடிவு முன்னால் இருக்கிறது, செயல்பாடு கடைசியில் "நேரம் இருந்தால்" என்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் 7ஆம் ஸ்லைடின் சுற்றுப்படம் முதலில் வரட்டும், 8 செயல்பாட்டுக்குப் பின்னால் போகட்டும். பக்க இணைப்பிலும் அப்படியே: 10 முன்னால், 11 பின்னால்.

[திரையில்: 40 நிமிடக் காலக்கோடு, பகுதி பகுதியாக நிரம்புகிறது]

இனி நேரம். வருகைப்பதிவு, உட்காருவது, குறியீடுகளை நினைவூட்டுவது எல்லாம் சேர்த்து 3 நிமிடம். அடுத்து ஊகம், 5 நிமிடம். 7ஆம் ஸ்லைடைக் காட்டி, "இரண்டு பல்பில் எது பிரகாசம்?" என்று கேட்கிறோம். ஒரு நிமிடம் தனியாக நோட்டில் எழுத வேண்டும், இரண்டு நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு பேச வேண்டும், அப்புறம் கை தூக்கச் சொல்லி எண்ணிக் கரும்பலகையில் எழுதுகிறோம். எழுதும் அந்த ஒரு நிமிடத்தைக் குறைக்காதீர்கள். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருப்பதையும், அதை 3 விநாடிக்கு மேல் நீட்டினாலே பதில்கள் நீளமாகவும் யோசித்தும் வருவதையும் 1970களில் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ தன் ஆய்வுகளில் காட்டினார்.

பொருள்களைக் கொடுக்க 3 நிமிடம், திரும்ப வாங்க 2 நிமிடம். பாடக்குறிப்புகளில் அதிகம் விட்டுப்போவது இந்த 5 நிமிடம்தான். நாலு நாலு பேராக 10 குழுக்கள். ஒவ்வொரு குழுவுக்கும் 2 செல், 2 பல்பு, ஹோல்டர், வயர் எல்லாவற்றையும் ஒரே பையில் முன்கூட்டியே போட்டு வைத்தால்தான் 3 நிமிடத்தில் முடியும்.

தொடர் இணைப்பை அமைத்துப் பார்க்க 7 நிமிடம். ஒரு பல்பைக் கழற்றினால் என்ன ஆகிறது என்பதும் இதற்குள் வர வேண்டும். அதன்பின் 8ஆம் ஸ்லைடோடு விளக்கம், 6 நிமிடம். பக்க இணைப்பை ஊகித்து, அமைத்து, பேசுவதற்கு 7. வாங்கி வைக்க 2. துண்டுச் சீட்டுக்கு 4. கூட்டினால் 37. மிச்சமுள்ள 3 நிமிடத்துக்கு எதையும் போடாதீர்கள்; எங்காவது அது கட்டாயம் தேவைப்படும்.

மாணவர்கள் பல்போடு வேலை செய்யும்போது B விசையை அழுத்தித் திரையை இருட்டாக்கிவிடுங்கள். ஸ்லைடு எரிந்துகொண்டிருந்தால் கண் அங்கேதான் போகும்.

[திரையில்: மேசையில் இரண்டு பல்புகள், ஒன்று சற்று மங்கல்]

இந்தச் செயல்பாடு எங்கே சறுக்கும் என்பதும் பாடக்குறிப்பில் இருக்க வேண்டும். இழை உள்ள டார்ச் பல்புதான் வேண்டும், 2.5 வோல்ட் பல்பு இரண்டு 1.5 வோல்ட் செல்களுக்குப் பொருந்தும். எல்இடி வைத்தால் தொடர் இணைப்பில் இரண்டுமே எரியாமல் போகலாம், அப்போது பாடம் வேறு பக்கம் திரும்பிவிடும். ஒரே மாதிரியான பல்புகளிலும் சின்ன வித்தியாசம் இருக்கும். "பார்த்தீங்களா, முதல் பல்புதான் பிரகாசம்!" என்று ஒரு குழு சொல்லும். அப்போது இரண்டு பல்பையும் இடம் மாற்றிப் போடச் சொல்லுங்கள். பிரகாசம் பல்போடு சேர்ந்து நகர்ந்தால் காரணம் பல்பு, இடமல்ல. இந்த ஒரு வரியைக் குறிப்பில் எழுதி வையுங்கள். பாடத்தின் முக்கியமான பேச்சே இதிலிருந்து தொடங்கக்கூடும். பழைய செல்லாக இருந்தால் பக்க இணைப்பிலும் ஒளி குறையும், அதனால் முந்தைய நாளே எரித்துப் பார்த்துவிடுங்கள்.

[திரையில்: காலக்கோட்டில் 22ஆம் நிமிடம் சிவப்பாக]

நேரம் தப்பினால் எதை விடுவது என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். தொடர் இணைப்பு 18ஆம் நிமிடத்தில் முடிய வேண்டும். கடிகாரம் 22ஐத் தொட்டும் முடியவில்லை என்றால், பக்க இணைப்பை மாணவர்கள் அமைக்க வேண்டாம். ஆசிரியர் மேசையில் 4 நிமிடத்தில் செய்து காட்டிவிடலாம். துண்டுச் சீட்டை மட்டும் வெட்டாதீர்கள்.

இந்த நேரங்களை அந்தந்த ஸ்லைடின் கீழ் உள்ள நோட்ஸ் பகுதியில் எழுதிவிடுங்கள்: "3ஆம் நிமிடம் தொடக்கம், தனியாக எழுதுவார்கள், 8இல் முடிவு" என்று. பிரசென்டர் வியூவில் அது உங்களுக்கு மட்டும் தெரியும்.

சீட்டுகளை அன்றே மூன்று கட்டாகப் பிரியுங்கள்: "எல்லாம் சமம்" என்று காரணத்தோடு எழுதியவை, காரணம் இல்லாமல் எழுதியவை, "முதல் பல்பு" என்று எழுதியவை. மூன்றாவது கட்டு தடிமனாக இருந்தால், அடுத்த பாடவேளையைச் சூத்திரத்தோடு தொடங்க வேண்டாம். இரண்டு பல்புக்கு முன்னும் பின்னும் அம்மீட்டர் வைத்து, ஒரே அளவு காட்டுவதை முதலில் பார்க்க விடுங்கள். மறைத்து வைத்த 13ஆம் ஸ்லைடை அதற்குப் பிறகு திறக்கலாம்.