ஒரே தாளில் இரண்டு சம்பளம்
(கொழும்பு வெள்ளவத்தையில் நடந்த தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் ஐயா அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் திறந்துவிட்ட கோயில் அறங்காவலர் சபையாரே, வேலை நாளென்றும் பாராமல் வந்திருக்கும் மாநகர சபை உறுப்பினர் அம்மா அவர்களே, சங்கச் செயலாளர் தோழரே, முன்வரிசையில் சீருடையோடு வந்து உட்கார்ந்திருக்கும் சாரதி, கண்டக்டர் தம்பிமாரே, வாசலில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். தலைவர் ஐயா என்னைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தைகளுக்கு நன்றி. அவர் தந்த நேரம் இருபது நிமிடம்.

நான் எழுதிய ஒரு சிறுகதையை உங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறேன். அதை வைத்து மூன்று விஷயம் பேசப்போகிறேன். சம்பளச் சிட்டையை எப்படிப் பார்ப்பது, மணித்தியாலம் எப்படி வெட்டுப்படுகிறது, முறைப்பாட்டை எங்கே கொண்டுபோவது. என் அம்மாச்சி ஒரு பழமொழி சொல்லுவா: ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. என் கதையும் அதிலிருந்துதான் பிறந்தது.

கதையில் வருகிறவன் கொட்டாஞ்சேனைப் பையன். ஒரு கம்பனி பஸ்ஸில் கண்டக்டர். ஒரு நாள் புறக்கோட்டையில் ஒரு அம்மா ஏறுகிறா. கையில் மரக்கறிப் பை, தோளில் குடை. நூறு ரூபா நீட்டுகிறா. முப்பது ரூபா மிச்சம் கொடுக்க வேண்டும். இவன் இருபதைக் கொடுத்து, "பத்து ரூபா பிறகு தாறன் அம்மா" என்கிறான். கோட்டை தாண்டியது. காலிமுகத்திடலில் கடல் காற்று வந்ததும் பஸ்ஸில் பாதிப்பேர் நித்திரை. அம்மா நித்திரை கொள்ளவில்லை. "தம்பி, பத்து ரூபா." கொள்ளுப்பிட்டியில் கூட்டம் ஏறுகிறது, இவன் நெரிசலுக்குள் பின்பக்கம் போய்விட்டான். அங்கேயும் அவவின் சத்தம் கேட்கிறது: "தம்பி, பத்து ரூபா!" பம்பலப்பிட்டியில் ஒரு பெரியவர் எழும்பி, "நான் தாறன் அம்மா, பிள்ளையை விடுங்கோ" என்றார். அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தா. "உங்கட காசு எனக்கெதுக்கு ஐயா? என்ர காசு அவரிட்ட இருக்கு." பஸ் முழுக்கச் சிரிப்பு. வெள்ளவத்தையில் இறங்கும்போது இவன் சட்டைப் பையைத் துழாவி இரண்டு ஐந்து ரூபாக் குத்தியை அவவின் கையில் வைத்தான். அவ எண்ணினா. இரண்டு குத்தியை எண்ண எவ்வளவு நேரம் பிடிக்கும்? ஆனாலும் எண்ணினா. எண்ணி முடித்து, "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு தம்பி. நீயும் உன்ர சம்பளத்தை எண்ணித்தானே வாங்குவாய்?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டா.

கைதட்டுகிறீர்கள், சந்தோஷம். அந்த அம்மா மாதிரி ஒருத்தர் உங்கள் எல்லோர் வீட்டிலும் இருக்கிறா.

அவனுக்கு அன்று இரவு அந்தக் கேள்வி விடவில்லை. அவன் சம்பளத்தை எண்ணி வாங்கியதே கிடையாது. காசு வங்கிக்குப் போகும், சிட்டை அலுமாரித் தட்டுக்குப் போகும். எடுத்துப் பார்த்தான். சிங்களத்தில் அச்சடித்த தாள். நாள் முழுக்கச் சிங்களம் பேசுகிறவன்தான், ஆனால் எழுத்துக் கூட்டி வாசிக்க வராது. மகள் எட்டாம் வகுப்பு, பள்ளிக்கூடத்தில் சிங்களம் படிக்கிறாள். அவள் வாசித்தாள்: "மூலிக வெட்டுப" என்றால் அடிப்படைச் சம்பளம், "அதிகால" என்றால் ஓவர்டைம்.

இப்போது சிட்டைக்கு வருவோம். ஜூலை மாதச் சிட்டை. அடிப்படைச் சம்பளம் 42,000 ரூபா. ஜனவரியில் கூட்டித் தந்தார்கள், அதற்கு முன் 36,000. ஊழியர் சேமலாப நிதிக்கு, நாம் ஈ.பி.எஃப். என்கிறோமே, அதற்கு அவனிடம் 8 வீதம் பிடித்திருக்கிறது: 3,360 ரூபா. இது சரி, 42,000இல் 8 வீதம் அதுதான். அடுத்த வரி ஓவர்டைம்: 56 மணித்தியாலம், ஒரு மணித்தியாலத்துக்கு 225 ரூபா, மொத்தம் 12,600. பெருக்கிப் பார்த்தால் இதுவும் சரியாக வருகிறது. அதனால்தான் ஏழு மாதமாக யாருக்கும் கண்ணில் படவில்லை.

பிழை அந்த 225இல் இருக்கிறது. ஓவர்டைமுக்குச் சாதாரண மணித்தியாலக் கூலியின் ஒன்றரை மடங்கு தர வேண்டும். அந்தக் கம்பனி மாதச் சம்பளத்தை 240ஆல் வகுத்து மணித்தியாலக் கூலி எடுக்கிறது. இந்த வகுக்கும் எண் எல்லாத் தொழிலுக்கும் ஒன்றல்ல. உங்கள் தொழிலுக்கு எது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 42,000ஐ 240ஆல் வகுத்தால் 175. அதன் ஒன்றரை மடங்கு 262 ரூபா 50 சதம். அப்படியானால் 225 எங்கிருந்து வந்தது? மகள் தலைகீழாகக் கணக்குப் போட்டாள். 225ஐ ஒன்றரையால் வகுத்தால் 150. அதை 240ஆல் பெருக்கினால் 36,000. பழைய சம்பளம்! ஈ.பி.எஃப். பிடிக்கும்போது அவன் 42,000 ரூபாக்காரன், ஓவர்டைம் கொடுக்கும்போது 36,000 ரூபாக்காரன். ஒரே தாளில், ஒரே மனிதனுக்கு இரண்டு சம்பளம்.

மணித்தியாலத்துக்கு 37 ரூபா 50 சதம் குறைவு. ஜூலைக்கு மட்டும் 2,100 ரூபா. ஜனவரி தொடங்கி ஏழு மாதத்தில் 412 மணித்தியாலம், ஆக 15,450 ரூபா. மார்ச் சிட்டை சட்டைப் பையோடு கழுவுப்பட்டுக் கூழாகிப்போனது. ஆனால் தினமும் வேலை முடிகிற நேரத்தை அவன் ஒரு கொப்பியில் குறித்து வைத்திருந்தான். அந்த மாத மணித்தியாலத்தை அதிலிருந்துதான் எடுத்தார்கள். அதனால்தான் சொல்கிறேன், ஆற்றில் போட்டாலும் அளந்து போடு, அளந்ததை எழுதியும் வை. கொப்பி விலை பெரிதில்லை.

யாரும் திட்டமிட்டுத் திருடவில்லை, நான் அப்படி எழுதவில்லை. சம்பளம் கூடியபோது கணினியில் அடிப்படைச் சம்பளத்தை மாற்றினார்கள். ஓவர்டைம் வீதம் வேறு இடத்தில், தனியாகப் பதிந்திருந்தது. அதை மாற்ற மறந்தார்கள். ஆனால் காசு போனது போனதுதான். அவனுக்கு மட்டுமல்ல, அந்த ஜனவரியில் சம்பளம் கூடிய எல்லோருக்கும் போனது.

இந்த இடத்தில்தான் நான் வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல வேண்டும். செயலாளர் தோழர் சிரிக்கிறார், அவருக்குத் தெரியும். அந்தச் சிட்டை தமிழில் இருந்திருந்தால் பெப்ரவரியிலேயே அவன் பார்த்திருப்பான். எட்டாம் வகுப்புப் பிள்ளை அப்பாவின் சம்பளத்தை மொழிபெயர்க்க வேண்டியிருந்திராது. தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் 13ஆம் திருத்தம் சொல்லிவிட்டது. அது அரச காரியாலயத்தைக் கட்டுப்படுத்தும், தனியார் கம்பனியின் சம்பளச் சிட்டை வரைக்கும் வந்து சேரவில்லை. ஒவ்வொரு தலைப்புக்கும் பக்கத்தில் ஒரு தமிழ்ச் சொல், அடிப்படைச் சம்பளம், மேலதிக நேரம், கழிவு என்று, அவ்வளவுதான் நாம் கேட்பது. மாநகர சபை உறுப்பினர் அம்மா இதைக் கொஞ்சம் குறித்துக்கொள்ள வேண்டும். படிக்க முடியாத தாளை ஒரு மனிதன் எப்படி அளப்பான்? ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்கிறோம், அளக்கிற கோல் அவன் மொழியில் இருக்க வேண்டாமா?

மணித்தியாலம் வெட்டுப்படும் கதையைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். கடைசி ஓட்டம் முடிந்து டிப்போவில் காசு கட்ட வரிசையில் நிற்கிற நேரம் கணக்கில் சேருகிறதா என்ற கேள்வி அது. தலைவர் ஐயா மணிக்கூட்டைக் காட்டுகிறார், சரி, அதை இன்னொரு நாள் பேசுவோம்.

முறைப்பாடு பற்றி ஒரு வார்த்தை. கண்டக்டர் முதலில் கிளார்க்கரிடம் போனான், சண்டைக்கல்ல. ஏழு மாதத்தையும் ஒரே தாளில் எழுதி, சிட்டைப் பிரதிகளைக் குத்தி, "225க்குக் கணக்கு எப்படி வந்தது என்று தயவுசெய்து சொல்லுங்கள்" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டான். கடிதத்தின் பிரதியில் திகதியோடு கையெழுத்தும் வாங்கினான். பதில் வராவிட்டால் நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களம் இருக்கிறது, அங்கே போவதென்று மனதில் வைத்திருந்தான். போக வேண்டி வரவில்லை. கிளார்க்கர் கணினியைத் திறந்து பார்த்தார், கொஞ்ச நேரம் பேசவில்லை, பிறகு "இது எல்லோருக்கும் பிழை" என்றார்.

செப்டம்பர்ச் சிட்டையில் புதிதாக ஒரு வரி வந்தது. நிலுவை. ஆகஸ்டுக்கு விட்டுப்போனதையும் சேர்த்துத் தந்திருந்தார்கள். மகள் அந்தச் சிங்களச் சொல்லை வாசித்தாள். அவன் பேனையை எடுத்து, அதற்குப் பக்கத்தில் தமிழில் "நிலுவை" என்று எழுதி, அலுமாரியில் வைத்தான்.

சிட்டை தமிழில் வேண்டும் என்ற மகஜர் வாசல் மேசையில் இருக்கிறது. பேனையையும் நூலில் கட்டி வைத்திருக்கிறோம். தேத்தண்ணி குடிக்கப் போகும்போது கையெழுத்து வைத்துவிட்டுப் போங்கள். வணக்கம்.