தரங்கம்பாடிப் படங்களுக்குப் பெயர் வைப்போம்: கோப்புப் பெயரும் படக்குறிப்பும்

வணக்கம் நண்பர்களே. தரங்கம்பாடியில் எடுத்த படங்கள் இப்போது என் கணினியில் இருக்கின்றன. அவற்றை என் பயணத் தளத்தில் ஏற்றுவதற்கு முன்னால், ஒவ்வொன்றுக்கும் எப்படிப் பெயர் வைக்கிறேன், படத்தின் அடியில் என்ன எழுதுகிறேன் என்பதை உங்களுக்கு முன்னாலேயே செய்து காட்டப் போகிறேன். கூகுளின் படத் தேடலில் யாராவது தரங்கம்பாடி என்று தேடும்போது நம் படமும் அங்கே வர வேண்டும். அதற்காகத்தான் இந்த வேலை.

திரையில் பாருங்கள். கேமரா கொடுத்த பெயர் இது.

```
DSC_0412.JPG
```

படத்தில் இருப்பது கடற்கரைப் பக்கத்திலிருந்து பார்த்த டேன்ஸ்போர்க் கோட்டை. டென்மார்க்குக்காரர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய இந்தக் கோட்டை, இப்போது தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை நடத்தும் அருங்காட்சியகமாக இருக்கிறது. இவற்றில் ஒன்றுகூட அந்த எண்ணில் இல்லை. எனவே பெயரை இப்படி மாற்றுகிறேன்.

```
tharangambadi-dansborg-fort-kadal-pakkam.jpg
```

சொற்களுக்கு நடுவே இணைப்புக்கோடு போட்டிருக்கிறேன், அடிக்கோடு போடவில்லை. முகவரிகளில் சொற்களைப் பிரித்துக் காட்ட இணைப்புக்கோட்டைத்தான் கூகுள் பரிந்துரைக்கிறது. இடைவெளி விட்டால் அது முகவரியில் %20 என்று மாறிப் பார்க்கவே அசிங்கமாக இருக்கும். எல்லாம் சிறிய எழுத்துகள். நான்கைந்து சொற்களுக்கு மேல் போவதில்லை. முதலில் ஊர், அடுத்து பொருள், கடைசியில் இந்தப் படத்தை மற்றப் படங்களிலிருந்து பிரித்துக் காட்டும் ஒரு சொல். ஒரே கோட்டைக்கு என்னிடம் ஒன்பது படங்கள் இருப்பதால் அந்தக் கடைசிச் சொல் மிகவும் முக்கியம். fort-1, fort-2 என்று எண் போட்டுக்கொண்டே போனால் ஒன்பது படங்களும் ஒரே படத்தைப் போலத்தான் தோன்றும்.

தமிழ்த் தளத்துக்கு ஏன் ஆங்கில எழுத்தில் பெயர் என்று உங்களில் பலர் கேட்பீர்கள். தமிழிலேயே பெயர் வைக்கலாம். கூகுள் அதைப் படித்துக்கொள்ளும். ஆனால் தமிழ் எழுத்து இணைய முகவரிக்குள் போகும்போது குறியீடுகளாக மாறுகிறது. ‘த’ என்ற ஒரே எழுத்து %E0%AE%A4 என்று ஒன்பது இடங்களை எடுத்துக்கொள்கிறது. தரங்கம்பாடி என்ற சொல்லைக் கணினி பதினொரு குறிகளாகச் சேமிக்கிறது. புள்ளியும் துணையெழுத்தும் தனித்தனிக் குறிகள். ஆக, ஊரின் பெயர் மட்டுமே 99 இடங்களைப் பிடித்துவிடும். அந்த முகவரியை வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பாருங்கள், என்ன படம் என்று யாருக்கும் புரியாது.

இன்னொரு சிக்கல் கண்ணுக்கே தெரியாதது. ‘கோட்டை’ என்ற சொல்லில் உள்ள ஓகாரத்தை ஒரே குறியாகவும் எழுதலாம். ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பழைய மேக் கணினிகளின் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்து எழுதும் பழக்கம் உடையது. அங்கிருந்து லினக்ஸ் சர்வருக்குக் கோப்புகளை நகர்த்தும்போது, பக்கத்தில் எழுதியிருக்கும் பெயர் ஒன்றாகவும் சர்வரில் கிடக்கும் பெயர் வேறாகவும் போய், படம் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டம் தெரியும். தளத்தை வேறு சர்வருக்கு மாற்றியபோது எனக்கு இது நடந்தது. பெயரில் ஒகர, ஓகர எழுத்துகள் உள்ள படங்கள் மட்டும் காணாமல் போயிருந்தன. காரணத்தைக் கண்டுபிடிக்க ஓர் இரவு முழுவதும் தேவைப்பட்டது. அதற்குப் பிறகுதான் கோப்புப் பெயரை ஆங்கில எழுத்திலும், மனிதர்கள் படிக்கும் இடங்களை எல்லாம் தமிழிலும் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

இதற்கு மேல் கோப்புப் பெயருக்காக மெனக்கெட வேண்டாம் என்பது என் கருத்து. கோப்புப் பெயரிலிருந்து தனக்குக் கிடைப்பது மிக லேசான தடயம்தான் என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதியிருக்கிறது. படம் இருக்கும் பக்கத்தின் தலைப்பு, படத்தை ஒட்டியிருக்கும் பத்தி, படக்குறிப்பு, படத்தைப் பார்க்க முடியாதவருக்காக alt என்ற இடத்தில் எழுதும் மாற்று உரை ஆகியவைதான் அதிகம் பேசுகின்றன. நம்மில் பலர் பெயருக்காக அரை மணி நேரம் செலவழித்துவிட்டு, படத்துக்கு அடியில் ‘மறக்க முடியாத மாலைப் பொழுது’ என்று எழுதிவிட்டுப் போகிறோம். அந்த வரி மகாபலிபுரத்துக்கும் பொருந்தும், மணாலிக்கும் பொருந்தும். தேடுகிறவர் தட்டச்சு செய்யும் ஒரு சொல்கூட அதில் இல்லை.

அதனால் படக்குறிப்புக்கு வருகிறேன். இரண்டாவது படத்தை எடுத்துக்கொள்வோம். தரங்கம்பாடிக்குள் நுழையும்போது தெருவுக்குக் குறுக்கே நிற்கும் வெள்ளை நுழைவாயில் இது. நான் முதலில் எழுதிய குறிப்பு, ‘தரங்கம்பாடி நுழைவாயில்’. பிழை ஒன்றும் இல்லை, ஆனால் பாதிதான் சொல்கிறது. கண்ணுக்குத் தெரிவது என்ன, கண்ணுக்குத் தெரியாமல் எனக்கு மட்டும் தெரிந்தது என்ன என்று இரண்டையும் கேட்டுக்கொண்டு மறுபடியும் எழுதினேன். முதல் கேள்விக்கான பதில் மாற்று உரைக்குப் போகிறது, இரண்டாவது கேள்விக்கான பதில் படக்குறிப்புக்குப் போகிறது. இதோ முழு வடிவம்.

```html
<figure>
  <img src="tharangambadi-town-gate-1792.jpg"
   alt="தெருவுக்குக் குறுக்கே நிற்கும் வெள்ளை
        நுழைவாயில், மேலே அரச முத்திரை">
  <figcaption>தரங்கம்பாடியின் நகர வாயில்.
   டிராங்கிபார் என்று இவ்வூரை அழைத்த டேனியர்
   1792-இல் கட்டியது.</figcaption>
</figure>
```

மாற்று உரை என்பது படத்தைப் பார்க்க முடியாதவருக்காக எழுதுவது. பார்வையற்ற ஒருவரின் திரைவாசிப்பான் இதை உரக்கப் படிக்கும். படம் இறங்காவிட்டால் அந்த இடத்தில் இந்த வரிதான் தெரியும். படக்குறிப்போ படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்காக எழுதுவது. இரண்டிலும் ஒரே வரியை ஒட்டி வைத்தால் திரைவாசிப்பானில் கேட்பவர் அதையே இரண்டு முறை கேட்க வேண்டியிருக்கும். கூகுளுக்கும் அதனால் புதிதாக ஒன்றும் கிடைக்காது. மாற்று உரைக்குள் ‘தரங்கம்பாடி சுற்றுலா, தரங்கம்பாடி கோட்டை, தரங்கம்பாடி கடற்கரை’ என்று சொற்களை அடுக்கி வைப்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அது காதால் கேட்பவருக்குச் செய்யும் கொடுமை. தேடுபொறியும் அதைக் குப்பையாகவே எடுத்துக்கொள்ளும்.

படக்குறிப்பில் டிராங்கிபார் என்ற பெயரை எதற்காகச் சேர்த்தேன் என்று கவனியுங்கள். இந்த ஊருக்குத் தமிழில் ஒரு பெயர், டேனியர் காலத்துப் பெயர் ஒன்று, அதோடு ஆங்கில எழுத்தில் Tharangambadi, Tarangambadi என்று இரண்டு எழுத்துக்கூட்டல்கள். எல்லாவற்றையும் எல்லாப் படத்திலும் திணிக்க முடியாது, திணிக்கவும் கூடாது. கோப்புப் பெயருக்கு ஓர் எழுத்துக்கூட்டலைத் தேர்ந்தெடுத்து அதையே எல்லாப் படத்துக்கும் வைத்துக்கொள்கிறேன். பழைய பெயரை, அது இயல்பாக வரும் ஒரு வாக்கியத்தில், நகர வாயில் போன்ற பழைய கட்டடத்தின் படத்தில் மட்டும் சொல்கிறேன். படிப்பவருக்கும் அது ஒரு செய்தியாக இருக்கிறது.

அகலமாக எடுத்த கோட்டைப் படத்தை விட இந்த நுழைவாயில் படத்திடம்தான் எனக்கு எதிர்பார்ப்பு அதிகம். டேன்ஸ்போர்க் கோட்டையின் முழுத் தோற்றம் இணையத்தில் ஏராளமாகக் கிடைக்கிறது. நம் பெயரும் குறிப்பும் எவ்வளவு சரியாக இருந்தாலும் அந்தக் கூட்டத்தில் முன்னால் வருவது கடினம். வாயிலின் மேல் இருக்கும் முத்திரையை மட்டும் நெருங்கி எடுத்த படமோ, ஒரு கல்லறையின் எழுத்தோ, ஒரு வீட்டின் தூணோ அப்படியல்ல. அதைத் தேடுபவர்கள் குறைவு, ஆனால் அதைப் பெயர் சொல்லிக் காட்டும் பக்கங்கள் அதைவிடக் குறைவு.

வேர்ட்பிரஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு இரண்டு விஷயங்கள் சொல்ல வேண்டும். கோப்பின் பெயரைக் கணினியிலேயே மாற்றிவிட்டுத்தான் பதிவேற்ற வேண்டும். ஏற்றிய பிறகு ஊடக நூலகத்தில் தலைப்பை மாற்றினால் முகவரியில் இருக்கும் பெயர் மாறாது. அதேபோல, நூலகத்தில் மாற்று உரையைத் திருத்தினால், ஏற்கெனவே கட்டுரையில் செருகிய படத்துக்கு அது போய்ச் சேராது. கட்டுரையைத் திறந்து அங்கேயும் திருத்த வேண்டும். பெரிய படங்களின் பெயருக்குப் பின்னால் -scaled என்று ஒரு சொல் தானாக ஒட்டிக்கொள்வதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அதனால் கெடுதல் எதுவும் இல்லை.

இப்போது என் தவற்றைச் சொல்கிறேன், நீங்கள் அதைச் செய்யக் கூடாது என்பதற்காக. இதையெல்லாம் கற்றுக்கொண்ட ஆர்வத்தில், பழைய கட்டுரைகளில் இருந்த படங்களின் கோப்புப் பெயர்களை எல்லாம் ஒரே வாரத்தில் மாற்றினேன். பெயர் மாறினால் முகவரி மாறுகிறது; கூகுளின் கண்ணுக்கு அது புத்தம் புதிய படம். பழைய முகவரிகளிலிருந்து புதியவற்றுக்கு 301 திருப்பிவிடலும் நான் வைக்கவில்லை. பக்கங்களைப் போல அடிக்கடி படங்களைக் கூகுள் வந்து பார்ப்பதும் இல்லை. ஏற்கெனவே தேடலில் வந்துகொண்டிருந்த படங்களும் மறைந்தன. திரும்பி வர மாதங்கள் ஆயின. ஒரு லேசான தடயத்துக்காகக் கையில் இருந்ததை இழந்தேன். ஆகவே, புதிய படங்களுக்குப் பெயர் வையுங்கள். பழைய படங்களின் பெயரைத் தொடாமல் படக்குறிப்பையும் மாற்று உரையையும் மட்டும் திருத்துங்கள்.

பலன் கிடைத்ததா என்று பார்க்கக் கூகுள் சர்ச் கன்சோலில் செயல்திறன் அறிக்கையைத் திறந்து, தேடல் வகையைப் ‘படம்’ என்று மாற்றுங்கள். எந்தச் சொல்லைத் தேடியவருக்கு நம் படம் காட்டப்பட்டது என்று அங்கே தெரியும். சொற்கள் படத்தோடு பொருந்தி, ஆனால் யாரும் சொடுக்காமல் இருந்தால் குறை படத்தில் இருக்கலாம். சம்பந்தமே இல்லாத சொற்களுக்குப் படம் வந்துகொண்டிருந்தால் பெரும்பாலும் குறை அதைச் சுற்றியிருக்கும் எழுத்தில்தான். ஒரே பக்கத்தில் அறுபது படங்களை வரிசையாக அடுக்கி, எழுத்தை எல்லாம் மேலே வைத்தால் இப்படித்தான் ஆகும். நுழைவாயில் படம் நுழைவாயிலைப் பற்றிய பத்திக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கடைசிப் படம், கடலை ஒட்டி நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில். 1306-இல் கட்டப்பட்ட இந்தக் கோயிலின் ஒரு பகுதியைக் கடல் ஏற்கெனவே கொண்டுபோய்விட்டது. கரை மாறிக்கொண்டே இருக்கும் இடம் என்பதால், இங்கே மட்டும் படம் எடுத்த மாதத்தையும் ஆண்டையும் படக்குறிப்பில் எழுதுகிறேன். பழைய பயணத்தில் எடுத்த படத்தின் குறிப்பையும் இப்போது திறக்கிறேன் பாருங்கள்: ‘நாகப்பட்டினம் மாவட்டம்’ என்று எழுதியிருக்கிறேன். 2020-இல் மயிலாடுதுறை தனி மாவட்டமாகிவிட்டது, தரங்கம்பாடியும் அதற்குள் போய்விட்டது. கோப்புப் பெயரைத் தொடாமல், இந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றிச் சேமிக்கிறேன்.