பத்தியை உடைச்சு புல்லட் போடுறதுக்கு முன்னாடி

வணக்கம் மக்களே. ஒரு கட்டுரையில எங்க டேபிள், எங்க புல்லட், எங்க பாக்ஸ், எங்க வெறும் பத்தினு பார்க்க, இன்னிக்கு ஒரே ஒரு கட்டுரையை எடுத்துக்கிட்டு உள்ள போயிடலாம். எந்த பல்பு வாங்கலாம்னு ஒருத்தருக்குச் சொல்ற நீளமான கட்டுரைனு வெச்சுக்கோங்க.

முதல் பகுதியில குண்டு பல்பு, சிஎஃப்எல், எல்இடி மூணையும் ஒப்பிடணும். ஏறக்குறைய ஒரே வெளிச்சத்துக்கு குண்டு பல்பு 60 வாட் இழுக்கும், சிஎஃப்எல் 14, எல்இடி 9. ஆயுள் சுமாரா 1000, 8000, 15000 மணி நேரம். இப்ப நான் சொன்னதைக் கேட்டே எது எதோடதுனு ஒரு நொடி யோசிச்சிருப்பீங்க. படிக்கிறவருக்கும் அதே கஷ்டம்தான். இங்க டேபிள் போட்டே ஆகணும். ஆனா ‘குறிப்புகள்’னு இன்னொரு நெடுவரிசை சேர்த்து அதுக்குள்ள நாலு வரி எழுதாதீங்க. போன்ல பார்த்தா அந்த நெடுவரிசை ஒல்லியாகி, ஒரு வரிக்கு ரெண்டு வார்த்தைதான் நிக்கும்.

அடுத்த பகுதிதான் முக்கியம். மூடின கூண்டுக்குள்ள போட்ட எல்இடி ஏன் சீக்கிரம் போகுது? சூடு வெளியேற வழியில்ல. அதனால அடிப்பகுதியில இருக்குற டிரைவர், அதாவது மின்சாரத்தை எல்இடிக்கு ஏத்த மாதிரி மாத்திக் குடுக்குற சர்க்யூட், சூடாகுது. அந்தச் சூட்டுல அதுக்குள்ள இருக்குற கெப்பாசிட்டர் காய்ஞ்சு போகுது. அதனாலதான் எல்இடி சிப் நல்லா இருந்தும் பல்பு எரியாம போயிடுது. இப்ப ஸ்கிரீன்ல பாருங்க, இதையே புல்லட்டா போட்டிருக்கேன்:

• மூடிய கூண்டு
• டிரைவர் சூடு
• கெப்பாசிட்டர் பழுது
• ஆயுள் குறைவு

பார்க்க சுத்தமா இருக்கு, ஆனா ‘அதனால’ எல்லாம் காணாம போச்சு. எது எதுக்குக் காரணம்னு படிக்கிறவரே ஊகிக்கணும். சிப் நல்லாத்தான் இருந்துச்சுங்கிற விஷயத்துக்கு இடமே இல்ல. நான் பார்க்குற வழி இதுதான்: வரிசையை மாத்திப் போட்டுப் பாருங்க. மாத்தினாலும் அர்த்தம் கெடலைன்னா அது பட்டியல், தாராளமா புல்லட் போடலாம். கெட்டுப்போச்சுன்னா பத்தியாவே விட்டுடுங்க. ஒண்ணு ரெண்டுனு செய்ய வேண்டிய படிகள் மட்டும் விதிவிலக்கு. அதுக்கு நம்பர் போட்ட பட்டியல் வேணும்.

கலர் பாக்ஸைப் பொறுத்தவரைக்கும், அதை அப்படியே தூக்கிட்டு கட்டுரையைப் படிச்சுப் பாருங்க. நூல் அறுந்தா அந்த விஷயம் பத்திக்குள்ள இருந்திருக்கணும். ஏன்னா விளம்பரம் மாதிரி தெரியுற கட்டத்தை கண்ணு தாண்டிப் போயிடும். பென்வே, லேன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1998-லயே இதைக் காட்டியிருக்காங்க: வெப்சைட்ல பளிச்சுனு தெரியணும்னு பேனர் மாதிரி வெச்ச தகவலையே தேடினவங்க தவறவிட்டாங்க. ‘மெயினை அணைச்சுட்டு பல்பைக் கழட்டுங்க’ங்கிற எச்சரிக்கைக்கு பாக்ஸ் சரி, ஆனா அதைக் கழட்டுற படிக்கு நேர் மேல வைங்க. கட்டுரை முடிவுல வெச்சா அதுக்குள்ள அவர் கழட்டி முடிச்சிருப்பார்.

கட்டுரையில இருந்தே ஒரு வாக்கியத்தை எடுத்து பெரிய எழுத்துல போடுற மேற்கோள் இந்த மாதிரி கட்டுரைக்கு எனக்கு வேண்டாம். பேட்டினா பரவாயில்ல, பேசுறவர் குரல் முன்னாடியே கேக்கும். இங்க படிச்ச வாக்கியத்தையே மறுபடி படிக்க வைக்கும், அதுவும் போன்ல பத்திக்கு நடுவுல வந்து நிக்கும்.