ஒரு விநாடிதான் வித்தியாசம்

வணக்கம் நேயர்களே. நான்காம் படிவ மாணவர்கள் பேனாவும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு கணக்கு போடலாம்.

நம் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டச் சாலைதான் இடம். இருபுறமும் செம்பனை. மண்பாதையிலிருந்து பழம் ஏற்றிய லோரி ஒன்று திடீரென்று தார்ச்சாலைக்கு வந்து நிற்கிறது. அதை நோக்கி வரும் கார் மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் என்ன ஆகும், 72இல் வந்தால் என்ன ஆகும்?

முதலில் 3.6ஆல் வகுத்துவிடுங்கள். விநாடிக்கு 15 மீட்டர், 20 மீட்டர். இதைச் செய்யாமல் தொடங்குவதால்தான் பாதிப் பேருக்கு விடை தவறுகிறது.

லோரியைப் பார்த்து, கால் பிரேக்குக்குப் போக 1 விநாடி என்று வைப்போம். வகுப்பில் நண்பர் விடும் அடிக்கோலைப் பிடிக்கும் சோதனை செய்திருப்பீர்கள். 20 சென்டிமீட்டர் விழுவதற்குள் பிடித்தால் 0.2 விநாடிதான். ஆனால் அங்கே கை தயாராகக் காத்திருக்கிறது. சாலையில் யாரும் அப்படிக் காத்திருப்பதில்லை, அதனால் 1 விநாடி நியாயமான கணக்கு. அந்த நேரத்தில் கார் வேகம் குறையாமல் ஓடுகிறது.

அப்புறம் பிரேக். ஒவ்வொரு விநாடியும் வேகம் 5 மீட்டர் குறைகிறது என்றால், முதல் காருக்கு 3 விநாடி, இரண்டாவதற்கு 4. மொத்தம் 4, 5. ஒரே ஒரு விநாடிதான் வித்தியாசம்!

சரி, தூரம்? இங்கே பலர் சராசரி வேகம் 10, நேரம் 5, ஆகவே 50 மீட்டர் என்று எழுதுவார்கள். அது தவறு. முதல் விநாடியில் வேகம் குறையவே இல்லையே. வேக-நேர வரைபடத்தில் முதலில் ஒரு செவ்வகம், பிறகுதான் முக்கோணம். செவ்வகம் 20, முக்கோணம் 40, ஆக 60 மீட்டர். முதல் காருக்கு 15ம் 22.5ம் சேர்ந்து 37.5 மீட்டர்.

லோரி 38 மீட்டர் தூரத்தில் நிற்கிறது என்று வையுங்கள். முதல் கார் அரை மீட்டர் விட்டு நின்றுவிடும். இரண்டாவது கார் அந்த 37.5 மீட்டரைத் தொடும்போது 20 மீட்டர் பிரேக் இல்லாமலே போய்விட்டது, மீதி 17.5 மீட்டரில்தான் பிரேக் வேலை செய்திருக்கிறது. அப்போதைய வேகத்தின் வர்க்கம் வேண்டுமா? 20இன் வர்க்கமான 400இலிருந்து 2 பெருக்கல் 5 பெருக்கல் 17.5ஐக் கழித்தால் 225. அதன் வர்க்கமூலம் 15. மற்றவர் நின்றுவிட்ட இடத்தில் இவர் இன்னும் மணிக்கு 54இல் போய்க்கொண்டிருக்கிறார். இந்த விடையை முதன்முதலில் போட்ட அன்று எனக்கே நம்ப முடியாமல் இரண்டாம் முறை போட்டுப் பார்த்தேன்.

மழை நாளில் லோரி டயர்கள் செம்மண்ணைத் தார்மேல் இழுத்துப் போட்டிருக்கும். டயருக்குப் பிடிப்புக் குறைந்து, அந்த 5 பாதியாகிவிட்டது என்று வையுங்கள். 54இல் வந்தவருக்கே பிரேக்குக்கு 6 விநாடி, மொத்தம் 7. தூரத்தை வரைந்து பாருங்கள். அதே 60 மீட்டர் வரும்.