முப்பத்தேழாம் அதிகாரத்தின் ஐம்பதாம் பாடல்

நேயர்களுக்கு வணக்கம்.

இலங்கை அரசர்களின் பழைய வரலாற்றைப் பாடும் மகாவம்சத்தைக் கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் துட்டகைமுனு, எல்லாளன் போரைத் தேடித்தான் புரட்டுவார்கள். இன்று நாம் புரட்டப்போவது வேறொரு பக்கம். அது 37ஆம் அதிகாரத்தின் 50ஆம் பாடல். மகாநாமர் என்ற பிக்கு பாளி மொழியில் பாடிய பழைய நூல் அந்தப் பாடலோடு முடிந்துவிடுகிறது. நூற்றாண்டுகள் கழித்து வேறு பிக்குகள் எழுதிய தொடர்ச்சியைத்தான் சூளவம்சம் என்கிறோம். சுவடியிலோ அதிகாரம்கூட மாறவில்லை. அடுத்த பாடலிலேயே தொடர்ச்சி தொடங்கிவிடுகிறது.

பழைய நூலின் கடைசி அரசன் மகாசேனன். மின்னேரியா உட்படப் பல குளங்களைக் கட்டியவன். ஆனால் அனுராதபுரத்தின் மகாவிகாரையை இடிக்கச் செய்து, அந்தக் கட்டடப் பொருள்களைப் போட்டிக் கூட்டமான அபயகிரிக்குக் கொண்டுபோக விட்டவனும் அவனே. மகாநாமர் மகாவிகாரையைச் சேர்ந்தவர். அதனால் இந்த அரசன் புண்ணியமும் நிறையச் சேர்த்தான், பாவமும் நிறையச் சேர்த்தான் என்று கணக்கை முடித்து எழுத்தாணியைக் கீழே வைத்துவிடுகிறார்.

அடுத்து வருபவன் அவன் மகன் சிறிமேகவண்ணன். இடித்ததை மீண்டும் கட்டிக் கொடுத்தவன். அவனுடைய ஒன்பதாம் ஆட்சியாண்டில் கலிங்க நாட்டிலிருந்து புத்தரின் பல் இலங்கைக்கு வந்தது என்கிறது தொடர்ச்சி. இது 4ஆம் நூற்றாண்டுச் செய்தி. மகாநாமர் எழுதியதோ அதற்குப் பிறகு, 5ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி. அவர் எழுதிய நாளில் அந்தப் பல் அனுராதபுரத்தில்தான் இருந்தது. சீனத்திலிருந்து வந்த பாகியான் 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் ஊர்வலத்தைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். பத்து நாளுக்கு முன்பே யானைமேல் ஆள் ஏறி முரசறைவான், பிறகு பல் வெளியே வரும், 90 நாள் அபயகிரியில் வைத்து வழிபடுவார்கள் என்கிறார். ஊர் முழுக்கத் தெரிந்த விழா. ஆனால் மகாவம்சம் அந்தப் பல் வருவதற்குச் சற்று முன்னால் நின்றுவிடுகிறது.

இதைத் தற்செயல் என்றும் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊர்வலம் போய்ச் சேர்ந்த இடம் அபயகிரி என்பதைக் கவனியுங்கள். மகாவிகாரையின் கதையில் அரசனையும் சங்கத்தையும் இணைக்கப் போதி மரமும் மகாதூபம் என்ற பெரிய தாதுகோபமும் இருந்தன. துட்டகைமுனு வேல்முனையில் புத்தரின் திருவுடல் எச்சமான தாதுவைப் பொதித்துக்கொண்டு படை நடத்தினான் என்கிற இடத்திலேயே அந்த இணைப்பு முழுமையாகிவிடுகிறது. மகாவம்சத்துக்கு முந்திய தீபவம்சம் இதே அரசனைச் சில பாடல்களில் கடந்துபோகிறது. மகாநாமர் அவனுக்குப் பதினோரு அதிகாரம் கொடுத்தார். சங்கத்தைக் காப்பவனே அரசன் என்ற கதையை அப்படி விரித்துக் கட்டியவருக்கு, போட்டி விகாரையின் பெருமையான பல் தேவைப்படவில்லை.

தொடர்ச்சியை எழுதியவர்களின் காலத்தில் நிலைமை மாறிவிட்டது. சோழர் அனுராதபுரத்தைப் பிடித்த பிறகு தலைநகர் பொலன்னறுவைக்குப் போய்விட்டது. மகாதூபத்தைப் பெயர்த்து எடுத்துப் போக முடியாது. பல்லைக் கையோடு கொண்டுபோகலாம். அது இருக்கும் இடமே தலைநகர், வைத்திருப்பவனே அரசன் என்ற எண்ணம் இந்தக் காலத்தில்தான் வலுத்தது. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு தெற்கே உருகுணை நாட்டில் நடத்திய போரைச் சூளவம்சம் விரிவாகப் பாடுகிறது. அங்கே சுகலா என்ற அரசியின் கையில் இருந்த பல்லையும் புத்தரின் திருவோட்டையும் மீட்பதுதான் அந்தப் போரின் இலக்காக நூலில் நிற்கிறது.

இனி பொலன்னறுவையில் நிற்கும் ஒரு தமிழ்க் கல்வெட்டுக்கு வருவோம். முதலாம் விஜயபாகு சோழரை வெளியேற்றி 1110 வரை ஆண்டவன். அவன் பட்டத்துக்கு வந்தபோது முறைப்படி உபசம்பதை என்ற முழுத் துறவு கொடுக்கப் போதிய பிக்குகள் இலங்கையில் இல்லை. பர்மாவின் அனுருத்த மன்னனிடம் ஆளனுப்பிப் பிக்குகளை வரவழைத்தான். பல்லுக்கு ஒரு கோயிலையும் தேவசேனாதிபதியைக் கொண்டு கட்டுவித்தான். அந்தக் கோயிலின் காவலை வேளைக்காரர் ஏற்றுக்கொண்டதைத்தான் கல்வெட்டு சொல்கிறது. வேளைக்காரர் என்போர் உயிரைக் கொடுத்தும் காப்போம் என்று சபதம் செய்த கூலிப்படையினர். வலங்கை, இடங்கை, வடுகர், மலையாளர் என்று தங்கள் பிரிவுகளை அவர்களே வரிசையாகச் சொல்கிறார்கள். முகலன் என்ற மூத்த பிக்கு அமைச்சர்களோடு வந்து கேட்டுக்கொள்ள, அவர்கள் வணிகக் கூட்டத்தாரான வலஞ்சியரையும் நகரத்தாரையும் கூட்டி வைத்துக்கொண்டு பொறுப்பேற்கிறார்கள். கோயிலுக்குத் தங்கள் பெயரையே வைக்கிறார்கள்: மூன்றுகைத் திருவேளைக்காரர் தளதாய்ப் பெரும்பள்ளி. தளதா என்றால் புத்தரின் பல். கோயிலின் ஊர்களையும் ஆட்களையும் பண்டாரத்தையும் அடைக்கலம் புகுந்தவர்களையும் தாங்கள் அழிந்தாலும் காப்போம் என்பது அவர்கள் வாக்கு.

இதே வேளைக்காரர் சூளவம்சத்தில் எப்படி வருகிறார்கள்? சோழர்மேல் படையெடுக்க விஜயபாகு ஆணையிட, போகமாட்டோம் என்று கலகம் செய்து, தளபதிகள் இருவரைக் கொன்று அரண்மனையைக் கொளுத்தியவர்களாக. அரசன் அவர்களை ஒடுக்கித் தண்டித்தான் என்கிறது நூல். கோயில் காவலைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

இரண்டில் ஒன்று பொய் என்று முடிவுகட்டத் தேவையில்லை. கலகமும் நடந்திருக்கலாம், காவலும் இருந்திருக்கலாம். நூலின் கணக்குப்படி பல்லைக் காப்பது அரசனின் வேலை. அந்த இடத்தில் தமிழ் பேசும் கூலிப்படையை நிறுத்தினால் கதை கோணிப்போகும். கல்லுக்கு அந்தக் கவலை கிடையாது. யார் பொறுப்பு என்பதை நாலு பேர் அறியப் பதிவு செய்வதுதான் அதன் வேலை. கல்வெட்டு இன்னொன்றையும் விட்டுக்கொடுக்காமல் சொல்கிறது. அந்தத் தளதாப் பள்ளி அபயகிரியைச் சேர்ந்த உத்தோருள்மூலை என்ற பிரிவுக்கு உரியதாம். பாகியான் பார்த்த தொடர்பு 700 ஆண்டு கழித்தும் அறுந்துபோகவில்லை.

நூலின் போக்கு புரிய இன்னும் ஒரே ஓர் இடம். 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, இலங்கையில் பஞ்சம். பாண்டியரின் அமைச்சர் ஆரியச்சக்கரவர்த்தி படையோடு வந்து அன்றைய தலைநகரான யாப்பகுவையைப் பிடிக்கிறார். பல்லை எடுத்துப்போய்க் குலசேகர பாண்டியனிடம் கொடுக்கிறார். அடுத்து வந்த மூன்றாம் பராக்கிரமபாகு என்ன செய்தான்? படை திரட்டவில்லை. திறமான வீரர் சிலரோடு தானே பாண்டிய நாட்டுக்குப் போனான், நாள்தோறும் பாண்டியனோடு பேசி அவன் மனத்தைக் குளிர்வித்தான், அவன் கையாலேயே பல்லை வாங்கி வந்தான் என்கிறது சூளவம்சம். பகை நாட்டு அரசனைப் பாண்டிய குலத் தாமரைக்குச் சூரியன் என்று புகழவும் அது தயங்கவில்லை. பல் யார் கையிலிருந்து வருகிறதோ அவரும் கௌரவமானவராக இருந்தால்தான் வாங்கி வருபவனுக்கு மதிப்பு.

வாங்கி வந்ததை அவன் யாப்பகுவையில் வைக்கவில்லை. பொலன்னறுவைக்கே கொண்டுபோய், அங்கிருந்த பழைய தளதாக் கோயிலில் வைத்தான்.