54,720 ரூபாய்க்கு பிரவுன் டேப் வாங்க வைத்த IFERROR

வணக்கம் மக்களே. இன்றைக்கு வழக்கமான மேஜையும் டீ கிளாஸும் இல்லை, மன்னிக்கவும், குடோன் ஓரத்து அறையில் சாப்பாட்டு நேரத்தில் எடுக்கிறேன். பின்னால் அடுக்கியிருக்கிற பெட்டிகள் தெரிகிறதா? எல்லாம் பேக்கிங் டேப். பிரவுன் டேப். ஒரு பெட்டியில் 72 ரோல், மொத்தம் 20 பெட்டி, 1,440 ரோல், ரோல் 38 ரூபாய். 54,720 ரூபாய். வெள்ளிக்கிழமை லாரியில் வந்து இறங்கியது. ஏற்கெனவே குடோனில் 17 பெட்டி இருக்கிறது, அதுதான் கதை. ஸ்டோர் அண்ணன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "தம்பி, இன்னும் டேப் வேணுமா?" என்கிறார்.

இதை ஆர்டர் போடச் சொன்னது என் ரிப்போர்ட். எக்செலில் கட்டிய தினசரி ஸ்டாக் ரிப்போர்ட், 412 அயிட்டம், பழைய வீடியோவில் நானே வரிவரியாகக் கட்டிக் காட்டிய அதே ஷீட். அந்த வீடியோவில் "எல்லா ஃபார்முலாவையும் IFERROR போட்டு மூடிவிடுங்கள், ரிப்போர்ட் சுத்தமாக இருக்கும்" என்று சொன்னதும் நான்தான். அதைத் திரும்பப் பார்த்தேன், எனக்கே கூச்சமாக இருந்தது.

ஷீட்டில் இருந்தது இதுதான்:

```
=IFERROR(VLOOKUP(A2,Stock!A:D,4,0),0)
```

A காலத்தில், அதாவது A நெடுவரிசையில், அயிட்டம் கோடு. Stock ஷீட் என்பது மென்பொருளில் இருந்து தினமும் எடுத்து ஒட்டுகிற பட்டியல். VLOOKUP அந்தக் கோடை அங்கே தேடும், கிடைத்தால் இருப்பு வரும், கிடைக்காவிட்டால் வருகிற பிழையை IFERROR மூடி 0 காட்டும். பக்கத்து காலத்தில் `=IF(D2<E2,"ORDER","")`. D-இல் இந்த இருப்பு, E-இல் குறைந்தபட்சம் இருக்க வேண்டிய அளவு, டேப்புக்கு அது 6 பெட்டி. இருப்பு 0 என்று காட்டினால் ORDER வராமல் என்ன வரும்?

ஆனால் 17 பெட்டி இருக்கும்போது 0 ஏன் வந்தது? ஒரு செல்லில் மட்டும் IFERROR-ஐக் கழற்றினேன், உடனே #N/A, அதாவது தேடியது கிடைக்கவில்லை என்கிற பிழை, வந்து நின்றது. டேப்பின் கோடு 004417. என் ஷீட்டில் `=LEN(A2)` போட்டால் 6, Stock ஷீட்டில் அதே அயிட்டத்துக்கு 4. அங்கே அது வெறும் 4417, அதுவும் எண்ணாக. என் பக்கம் எழுத்தாக இருக்கிறது. எக்செலுக்கு இரண்டும் வேறு வேறு ஆள்.

அட, முக்கியமானதை விட்டுவிட்டேன். திங்கட்கிழமை மென்பொருளை அப்டேட் செய்தார்கள். அதற்கு முன் எக்செல் கோப்பாகவே வந்துகொண்டிருந்தது, கோடுகள் எழுத்தாகவே இருந்தன. இப்போது சிஎஸ்வி. சிஎஸ்வியை இரட்டைக் கிளிக்கில் திறந்தால் எக்செல் 004417-ஐ எண் என்று எடுத்துக்கொண்டு முன்னால் இருக்கிற சுழியங்களைத் தின்றுவிடும். KB-210 மாதிரி எழுத்து கலந்த கோடுகளுக்கு ஒன்றும் ஆகாது. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. 412-இல் பெரும்பகுதி சரியாகவே இருந்தது. எப்போதும் 8 அயிட்டம் 0 காட்டும், அன்றைக்கு 61. அதாவது 53 பொய். பர்ச்சேஸில் இருக்கிற அக்கா பேரிங் எல்லாம் 0 என்றதைப் பார்த்து நிறுத்தி வைத்துவிட்டார், டேப் தினமும் தீர்கிற சாமான் என்று அதை மட்டும் அனுப்பிவிட்டார். அவர் மேல் தப்பே கிடையாது. IFERROR இல்லாமல் இருந்திருந்தால் திங்கட்கிழமையே 53 வரியில் #N/A பல்லை இளித்துக்கொண்டு நின்றிருக்கும்.

எனக்கு எரிச்சலே அந்த 0 மேல்தான். உண்மையிலேயே சாமான் தீர்ந்தாலும் 0, கோடு பட்டியலில் இல்லாவிட்டாலும் 0, யாராவது Stock ஷீட்டில் ஒரு காலத்தை அழித்து #REF! வந்தாலும் 0. VLOOKUP-ஐ VLOKUP என்று தட்டி #NAME? வந்தாலும் 0! மூடி போட்ட பாத்திரத்துக்குள் என்ன கெட்டுப்போகிறது என்று எப்படித் தெரியும்?

"சரி, 0-க்குப் பதில் வெற்றாக விடலாமே" என்பீர்கள், `""` போட்டு. அது இன்னும் மோசம். எக்செலில் எழுத்தையும் எண்ணையும் ஒப்பிட்டால் எப்போதும் எழுத்துதான் பெரியது. `""<6` என்பது FALSE. ORDER வரவே வராது. அதாவது 0 போட்டால் தேவையில்லாமல் டேப் வரும், வெற்று போட்டால் தேவையான பேரிங் வராமலே போகும். "இல்லை" என்று எழுத்தில் போட்டாலும் அதே கதைதான், அதை நான் முதலில் போட்டுப் பார்த்து ஏமாந்தேன்.

இப்போது என்ன செய்திருக்கிறேன்? இருப்பு காலத்தில் மூடியே கிடையாது, #N/A வந்தால் வரட்டும், சிவப்பு நிறம் வருகிற மாதிரி வைத்துவிட்டேன். ORDER காலத்திலும் அது அப்படியே வந்து நிற்கும், நிற்கட்டும். மூடி போட்டே ஆக வேண்டிய இடத்தில் IFNA. அது #N/A-வை மட்டும் பிடிக்கும், #REF!-ஐயும் #NAME?-ஐயும் வெளியே விட்டுவிடும். எக்செல் 2013-இலேயே வந்துவிட்டது, நான்தான் 2007-இல் வந்த IFERROR-ஐ விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ரிப்போர்ட்டின் தலையில் இரண்டு செல்:

```
=SUMPRODUCT(--ISERROR(D2:D413))
=SUM(Stock!D:D)-AGGREGATE(9,6,D2:D413)
```

முதலாவது எத்தனை வரியில் பிழை என்று எண்ணும். இரண்டாவது, மூலப் பட்டியலின் மொத்தத்தில் இருந்து ரிப்போர்ட்டின் மொத்தத்தைக் கழிக்கும். சாதாரண SUM போட்டால் ஒரு #N/A வந்ததும் மொத்தமும் #N/A ஆகிவிடும், அதற்குத்தான் AGGREGATE, அந்த 6 பிழைகளைத் தாண்டிப் போகச் சொல்கிறது. தாண்டிப் போவதும் ஒரு வகை மறைப்புதானே என்று கேட்டால், ஆமாம், அதனால்தான் பக்கத்திலேயே எண்ணிக்கை. இந்த இரண்டாவது செல் திங்கட்கிழமை இருந்திருந்தால் 18,640-க்கு 13,215 என்று 5,425 வித்தியாசம் காட்டியிருக்கும். IFERROR அப்படியே இருந்தாலும் காட்டியிருக்கும், அதுதான் வயிற்றெரிச்சல்.

IFNA-வுக்கும் ஓர் எல்லை உண்டு. Stock ஷீட்டில் நடுவில் யாராவது ஒரு காலத்தை நுழைத்தால், 4-ஆவது காலம் என்பது வேறு ஏதோ ஒன்றாகிவிடும், பிழையே வராது, தப்பான எண் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதையும் அந்த வித்தியாச செல்தான் பிடிக்கும்.

கோடு பிரச்சினைக்கு: இனி சிஎஸ்வியை இரட்டைக் கிளிக்கில் திறப்பதில்லை, டேட்டா மெனு வழியாக உள்ளே எடுத்து கோடு காலத்தை எழுத்து என்று குறித்துவிடுகிறேன். ஏற்கெனவே கெட்டுப்போன பட்டியலுக்கு `=TEXT(A2,"000000")` போதும், KB-210 மாதிரி கோடுகளை அது தொடாது. 12E5 மாதிரி கோடு இருந்தால் மட்டும் எக்செல் அதை 1200000 ஆக்கியிருக்கும், அதை மீட்க முடியாது, கோப்பைத் திரும்ப எடுக்க வேண்டியதுதான்.

மேனேஜர் சார் இன்று காலை ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு "இந்தச் சிவப்பை எடுத்துவிடேன், அசிங்கமாக இருக்கு" என்றார். மூன்று சிவப்பு இருந்தது. இரண்டு, நிறுத்திவிட்ட அயிட்டம், மாஸ்டரில் இருந்து தூக்கிவிட்டேன். மூன்றாவது புது அயிட்டம், கோடில் சுழியத்துக்குப் பதில் யாரோ ஆங்கில O-வைத் தட்டியிருந்தார்கள். யாரோ என்ன, நான்தான். சரி, அண்ணன் கூப்பிடுகிறார், டேப் பெட்டியை நகர்த்த வேண்டுமாம்.